வலது பாதி

அந்த வரவேற்பறையில் ஒரு நாள்கூட யாரும் குடியிருந்ததில்லை. ஆனால் ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் அந்த அறைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டோ ஸ்டூடியோவின் பின்கட்டில், பழைய கிடங்கைத் தடுத்துப் பலகை அடித்துக் கட்டிய அறை அது. மூன்றே சுவர்கள். நான்காவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா. மேலே, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் படிப்படியாக இறங்கும் கார்னிஸ். கீழே தரையோரமாகச் சாண் உயரத்துக்கு ஸ்கர்ட்டிங். எதிர்ச் சுவரில் மரச் சட்டங்களால் கட்டிய இரண்டு பெரிய கட்டங்கள், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெற்றுச் சுவர். இந்தப் பக்கம் என்ன உண்டோ அந்தப் பக்கமும் அதுவே. கண்ணாடியில் பார்த்த மாதிரி. வாடகை வீட்டில் எட்டுப் பேர் நெருக்கியடித்துக் குடியிருப்பவனும் அங்கே வந்து நின்றால் பரம்பரைப் பணக்காரன்.

அந்த அறையை அப்படியே வைத்திருப்பதுதான் தூசியண்ணனின் உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் எங்கோ இருக்கும். மற்றவர் கண்ணுக்கு எட்டாத தூசியும் அவர் கண்ணை உறுத்தும் என்பதால் ஸ்டூடியோவில் அவர் தூசி, இளையவர்களுக்குத் தூசியண்ணன். அவருக்கு அதில் வருத்தமில்லை. "தூசின்னாலும் கண்ணுல விழுற தூசி. லேசுல போகாது" என்பார்.

வீடுகளுக்குச் சுண்ணாம்படிக்கும் ஆளாக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர், ஸ்டூடியோ வாசலுக்கு வண்ணம் பூச ஒருநாள் வந்தார். பெரிய முதலாளி அப்போது உயிரோடு இருந்தார். இவர் பூசிய ஜன்னல் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு போடற கை எனக்கு உள்ள வேணும்" என்று கூட்டிப் போனார். உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

காலையில் கதவைத் திறந்ததும் மெல்லிய தூரிகையால் கார்னிஸின் ஒவ்வொரு படியிலும் தூசி தட்டுவார். வாடிக்கையாளரின் செருப்பு பட்டு ஸ்கர்ட்டிங்கில் கறுப்புக் கீறல் விழுந்திருந்தால் ஈரத் துணியால் துடைப்பார், போகாவிட்டால் பெயின்ட். சட்டத்தின் முனை எங்காவது சிதைந்திருந்தால் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட். வாரத்துக்கு ஒருமுறை கார்னிஸுக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் மெல்லிய பூச்சு. பளபளப்பு இல்லாத பெயின்ட்தான். பளபளத்தால் விளக்கு சுவரில் திட்டாக விழும். பிறகு வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு பெரிய பெட்டி விளக்குகளையும் போட்டு, கையடக்க ஒளிமானியைச் சுவரில் இடம் இடமாக வைத்துப் பார்ப்பார். இடது ஓரத்தில் காட்டும் எண்ணையே நடுவிலும் வலது ஓரத்திலும் காட்டவேண்டும். முள்ளளவு பிசகினால் விளக்கை விரற்கடை நகர்த்துவார். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் மூன்று வட்டம். ஆட்கள் நிற்க இரண்டு இடத்தில் டேப் துண்டு, நடுக்கோட்டிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில்.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், சேர்ப்புப் படத்துக்கு.

கணவன் கடல் தாண்டிப் போயிருப்பான். மனைவி இன்றைக்கு வந்து இடது டேப்பில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வாள். ஆறு மாதம் கழித்து அவன் விடுமுறையில் வரும்போது அவள் பிரசவத்துக்குப் போயிருப்பாள். அவன் வந்து வலது டேப்பில் நிற்பான். அதே கேமரா, அதே இடம், அதே விளக்கு, அதே சுவர். இந்தப் படத்தின் இடது பாதியையும் அந்தப் படத்தின் வலது பாதியையும் நடுக்கோட்டில் சேர்த்தால் முடிந்தது. தையல் அந்த வெற்றுச் சுவரில் விழும். தையலைத் தாண்டி ஓடுவது இரண்டே இரண்டு: மேலே கார்னிஸ், கீழே ஸ்கர்ட்டிங். அவை இரண்டும் கோட்டோடு கோடு பொருந்திவிட்டால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு இறந்தவர்களுக்காகவும் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். "போன வருஷம் எங்கம்மா இங்க வந்து தனியா ஒரு படம் எடுத்தாங்க. நான் வண்டியில இருந்தேன். இப்ப நான் நின்னா பக்கத்துல நின்ன மாதிரி வருமா?" என்றார். வந்தது. சொந்தக்காரர்களுக்குக் காட்டினார். அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது அப்படி வந்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் சட்டென்று கிளம்பமாட்டார்கள். இடது டேப்பைப் பார்த்துக்கொண்டே, "இங்கதானே நின்னாங்க?" என்பார்கள். ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு பெரியவர் குனிந்து ஸ்கர்ட்டிங்கைத் தடவிப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் அந்த டேப்பின் மேல் தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு போய்விட்டாள். திரும்பி வரவும் இல்லை.

ஸ்டூடியோக்காரர்கள் இதையெல்லாம் கேலி பேசித்தான் சமாளித்தார்கள். போட்டோகிராபருக்கு எப்போதும் ஒரு கண் மூடியே இருக்கும். அதனால் அவர் ஒத்தக்கண்ணர். "யோவ் தூசி, உன் ரூம்ல உசுரோட இருக்கறவங்களவிட போய்ச்சேர்ந்தவங்கதான் ஜாஸ்திய்யா. வாடகை வசூல் பண்ணு" என்பார். தூசியண்ணன் சிரிப்பார். ஆனால் காலையில், தனியாக, இரண்டு விளக்கையும் போட்டு அந்த அறைக்குள் நிற்கும்போது சிரிப்பு வராது. இந்த விளக்கின் நிழலை அந்த விளக்கு அழித்துவிடும். நிழலே விழாத அறையில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? அவர் இடது டேப்பை ஒருநாளும் மிதித்ததில்லை. பெருக்கும்போதும் அதைச் சுற்றிக்கொண்டே பெருக்குவார், யாரோ நிற்கிற மாதிரி.

உண்மையில் அவருக்கு அங்கே ஒருத்தி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அவர் மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. கல்யாணம் பதிவு அலுவலகத்தில். வீட்டாருக்குப் பயந்து அவசரமாக நடந்தது. சாட்சிக்கு வந்த நண்பன்தான் மாப்பிள்ளைக்குச் சட்டையும் கொடுத்தான். அதற்குப் பிறகு ஊருக்கெல்லாம் விளக்குப் பிடித்தவருக்குத் தன் வீட்டுக்குப் பிடிக்க நேரம் வாய்க்கவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சோதனைப் படம். ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்தவளை ஒத்தக்கண்ணர், "தங்கச்சி, அந்த டேப் மேல ஒரு நிமிஷம் நில்லும்மா, லைட் பாக்கணும்" என்று நிற்கவைத்து எடுத்தது. அவள் இடது பக்கம், நீலப் புடவையில், சிரிப்பை அடக்கிய வாயோடு. வலது பக்கம் ஏணி. அன்றைக்கு அந்தப் பக்கத்துக் கட்டத்தின் சட்டம் பெயர்ந்து தரையில் கிடந்தது. பசை வாங்கக் கடைக்குப் போயிருந்தார் தூசியண்ணன். போகாமல் இருந்திருந்தால் அவரையும் நிற்கச் சொல்லியிருப்பார்கள்.

"அதனால என்ன? வலது பாதியை என்னைக்கு வேணா எடுத்துக்கலாம்" என்று அவரே சொல்லிக்கொண்டார். அறையை அவள் நின்ற நாளில் இருந்தபடியே வைத்திருந்தார். மகள் கேட்கும்போதெல்லாம், "எடுக்கலாம்மா, சுவர் எங்க ஓடிடப் போகுது?" என்பார். எடுத்துவிட்டால் அவளும் அந்த மற்றவர்களோடு சேர்ந்துவிடுவாள், சேர்ப்புப் படத்துக்காரி ஆகிவிடுவாள் என்று ஒரு பயம். எடுக்காதவரை அவள் அவருக்காக டேப்பின் மேல் நின்றுகொண்டிருப்பாள்.

சுவர்தான் ஓடப்போகிறது என்று ஒரு புதன்கிழமை தெரிந்தது.

பெரிய முதலாளியின் மகள்தான் இப்போது முதலாளியம்மா. கெட்டவர் இல்லை. அவரே பின்கட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"அண்ணே, திங்கக்கிழமை தச்சர் வர்றாரு. இந்த ரூமைப் பிரிச்சுடலாம்னு இருக்கேன். இப்ப வர்ற பசங்க இதைக் கேக்கறதில்லை. பூசாத செங்கல் சுவரா வேணுமாம்."

"பூசாத சுவரா?"

"ஆமாண்ணே."

"நான் சுண்ணாம்படிக்கறப்ப பூசாத சுவர்னா பொண்ணு குடுக்கமாட்டாங்கம்மா."

முதலாளியம்மா சிரித்தார். "உங்களுக்கு வேலை இருக்குண்ணே. அதுல ஒண்ணும் கவலை வேணாம். செங்கலுக்கும் தூசி படியும்ல."

தூசியண்ணன் தலையை ஆட்டினார். அவர் கவலை வேலையைப் பற்றியதல்ல. அவர் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அதே வாரக் கடைசியில் கிளம்புகிறாள். முந்தின இரவுதான் பெட்டி அடுக்கிக்கொண்டே, "அங்க ரூம்ல மாட்டறதுக்கு உங்க ரெண்டு பேர் படம் ஒண்ணு வேணும்ப்பா. இந்த வாட்டி 'எடுக்கலாம்'னு சொன்னீங்க, நான் போகவே மாட்டேன்" என்று மிரட்டியிருந்தாள். இனி நாள் கடத்த வழியில்லை. எடுத்தால் இப்போது, இல்லாவிட்டால் மனைவிக்குப் பக்கத்தில் அவர் நிற்கப்போவதே இல்லை.

மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒத்தக்கண்ணர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா, மாப்பிள்ளை பார்க்க வர்றாங்களா?"

"சேர்ப்புப் படம். எனக்கு."

ஒத்தக்கண்ணரின் மூடிய கண்ணும் திறந்தது. கேமராவை வட்டங்களில் நிறுத்தினார். தூசியண்ணன் தானே ஒளிமானியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வலது டேப்பில் போய் நின்றார். எத்தனையோ பேரை அங்கே நிறுத்தியவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். கன்னத்தின் அந்தப் பக்கம் மட்டும் யாரோ பார்ப்பதுபோல் குறுகுறுத்தது.

படத்தை எடுத்துக்கொண்டு மாடியறைக்குப் போனார்கள். அங்கே கணினிக்கு முன்னால் எடிட்டர் பெண். மகளைவிட நாலு வயது பெரியவள், வாய் ஓயாதவள். பழைய சோதனைப் படத்தைத் தேடித் திறந்தாள். நீலப் புடவை திரையில் வந்ததும் தூசியண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பெரிதாக அவளை அவர் பார்த்ததில்லை.

"அக்கா நல்லா இருக்காங்கண்ணே. உங்களுக்கு எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"இருட்டுல பார்த்தா."

சிரித்துக்கொண்டே இரண்டு பாதிகளையும் நடுக்கோட்டில் சேர்த்தாள். சிரிப்பு நின்றது.

நடுச்சுவரில் பிரச்சினை இல்லை, நிறத்தைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் மேலே கார்னிஸ் பொருந்தவில்லை. இடது பாதியில் அதன் ஒவ்வொரு படியும் கத்தியால் கீறியதுபோல் கூர்மையாக ஓடி வந்தது. படிக்கும் படிக்கும் இடையில் மயிரிழைபோலக் கறுப்புக் கோடுகள். நடுக்கோட்டைத் தாண்டியதும் அந்தக் கோடுகள் காணாமல்போயின. வலது பாதியில் கார்னிஸ் உருகின மெழுகுபோல இருந்தது. முனைகள் மழுங்கி, பள்ளங்கள் தூர்ந்து. ஸ்கர்ட்டிங்கும் அப்படியே. ஒரு வீட்டையும் அதன் ஆவியையும் அருகருகே ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. இதில் எது வீடு, எது ஆவி என்பதுதான் தெரியவில்லை.

"கேமரா நகர்ந்திருக்கும்" என்றார் தூசியண்ணன்.

"நகரலைண்ணே."

"விளக்கு ஏதாச்சும்..."

அவள் வலது கார்னிஸின் ஓரத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பெயின்ட்டுண்ணே. நீங்க வாராவாரம் அடிக்கிறது. ஒரு கோட்டிங் அடிச்சா ஒண்ணும் தெரியாது. வருஷக்கணக்கா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, ஓரமெல்லாம் உருண்டை ஆயிடுச்சு."

"அப்ப மத்தவங்க சேர்ப்பெல்லாம்?"

"ஒரு வருஷத்துக்குள்ளன்னா சேர்ந்துடும். ரொம்பப் பழசுன்னா நான் சேர்க்கறதில்லை. ஆளை மட்டும் வெட்டி எடுத்துப் பழைய படத்துலயே ஒட்டிடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு... யாரும் சொல்லலை."

யாரும் என்றாள். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும்.

தூசியண்ணன் கீழே வந்து அறையைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற முகத்தில் வயசு தெரியாது என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. அவள் நின்ற அறையை அப்படியே வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே அதை மூடிப் புதைத்திருக்கிறார். அவள் நின்றது இங்கே இல்லை. அவள் நின்ற அறை, இத்தனை பூச்சுக்கும் அடியில் எங்கோ இருக்கிறது.

அடியில் இருந்தால் எடுத்துவிடலாமே.

மதியச் சாப்பாட்டைத் தொடாமல் சுரண்டியை எடுத்தார். வலது கட்டத்தின் மரச் சட்டத்தில் ஒரு முனையில் வைத்துத் தள்ளினார். வெங்காயத் தோல்போலப் பூச்சு சுருண்டு சுருண்டு வந்தது. வெள்ளை, அதற்கடியில் லேசான சாம்பல், மறுபடி வெள்ளை. கடைசியில் மரம். முனை அப்படியே இருந்தது, விரலை வெட்டும் கூர்மையோடு. "இருக்கா! உள்ளதான் இருக்கா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சட்டத்தைச் சொன்னோமா, வேறு யாரையாவது சொன்னோமா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. காலி அறை அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி அமைதியாக இருந்தது.

ஏணியை வைத்து ஏறினார். ஆனால் கார்னிஸ் மரமல்ல. லேசாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் ஃபோமில் வார்த்து ஒட்டியது. பூச்சைக் கரைக்கும் மருந்து பட்டால் ஃபோமும் சேர்ந்து கரைந்துவிடும். கையால்தான் சுரண்டவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓவியம் துடைப்பவனைப்போலச் சுரண்டினார். ஒரு விரல் நீளம் வந்தது. இன்னொரு விரல் நீளம். பிறகு பூச்சு தன்னோடு ஃபோமையும் பிய்த்துக்கொண்டு, ரொட்டியைப் பிட்டமாதிரி, ஒரு சில்லாகக் கீழே விழுந்தது. கார்னிஸில் பல் விழுந்த ஓட்டை.

தரையில் விழுந்த சில்லையே பார்த்துக்கொண்டு ஏணியில் நின்றார். நடுவிலிருந்து வலது ஓரம்வரை இருக்கிற கார்னிஸ் முழுவதையும் திங்கட்கிழமைக்குள் இப்படிச் சுரண்டினால், மிஞ்சப்போவது ஓட்டைதான்.

எடிட்டர் பெண் எப்போது கீழே வந்தாள் என்று தெரியவில்லை. "அண்ணே, முதல்ல இறங்குங்க. ஏணி ஆடுது" என்றாள். இறங்கினார்.

"மத்தவங்களுக்குச் செய்யற மாதிரி என்னையும் வெட்டி ஒட்டிடு. பரவால்ல" என்றார்.

"அது முடியாதுண்ணே. பழைய படத்துல வலது பக்கம் ஏணி நிக்குது, சட்டம் கழண்டு கிடக்குது. எங்க ஒட்டுறது? ஆனா வேற வழி இருக்கு. இந்த ரூம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? அக்கா நிக்கிற இடது பாதியை அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டா, அதுவே வலது பாதி. அதே பழைய கார்னிஸ், அதே ஸ்கர்ட்டிங். கோடு கோட்டோட நிக்கும்."

தூசியண்ணன் நிமிர்ந்தார். அவர் பிடித்துப் பிடித்துக் காத்த சமம் அது. ஒருபாதியை இழந்தாலும் மறுபாதி கொடுக்கும்.

"ஒரே சிக்கல். திருப்பினா அக்காவும் திரும்புவாங்க. வலது பக்கமும் அவங்களே நிப்பாங்க. அது ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிஷத்துல அந்தப் பக்கத்து அக்காவை அழிச்சுட்டு, சுவரை நிரப்பிட்டு, உங்களை நிக்க வைச்சுடறேன்."

"அழிக்கவா?"

"ஆமா, அழிச்சாதானே..."

"வேணாம்மா."

"அண்ணே, ரெண்டு அக்கா எப்படி..."

"அழிக்காத. அப்படியே இருக்கட்டும். நான் முன்னால நின்னுக்கறேன். மறைச்சுக்கறேன்."

எடிட்டர் பெண் ஒத்தக்கண்ணரைப் பார்த்தாள். அவர் வாசலில் சாய்ந்து நின்றபடி, "சொன்னதைச் செய்மா" என்றார்.

கணினியைக் கீழே கொண்டுவந்து கேமராவோடு இணைத்தார்கள். திரையில் பழைய பாதியும் அதன் திருப்பிய பாதியும் சேர்ந்து முழு அறையாக நின்றன. கார்னிஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு மயிரிழை பிசகாமல் ஓடியது. இரண்டு கட்டம். இரண்டு நீலப் புடவை. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரேமாதிரி பார்த்தார்கள். அந்தப் படத்தின் மேலேயே, கேமரா இப்போது பார்ப்பதும் லேசாகத் தெரியும்படி எடிட்டர் பெண் செய்திருந்தாள். அவர் வலது டேப்பில் போய் நின்றதும் திரையில், அந்த இரண்டாவது அவள் உடம்புக்குள், புகைபோல அவர் தெரிந்தார்.

"கொஞ்சம் முன்னால வாங்கண்ணே. தலை... அக்கா உங்களைவிடக் குள்ளம், தலை மறைஞ்சுடுச்சு. தோள் சரி. காலை விரிச்சு நில்லுங்க, கீழ புடவைக் கொசுவம் தெரியுது."

காலை விரித்தார்.

"இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப இடது கை. முழங்கையை லேசா விலக்குங்க, அங்க அக்கா முழங்கையும் முந்தானையும் எட்டிப் பார்க்குது."

விலக்கினார். எத்தனையோ ராத்திரி அவள் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவருக்கு, இப்போது அவள் கை எங்கே முடிகிறது, தன் கை எங்கே தொடங்குகிறது என்று ஒரு பெண்பிள்ளை திரையைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர்வரை வெறும் காற்று என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சாய்ந்துவிடாமல், யார் மேலும் இடித்துவிடாமல் கவனமாக நின்றார்.

"அசையாதீங்க. சூப்பர். முழுசா மறைஞ்சுட்டாங்க" என்றாள் எடிட்டர் பெண்.

விளக்கு பளிச்சிட்டது. ஒத்தக்கண்ணர் இன்னொன்று என்று விரலைக் காட்டினார்.

முழுசா மறைஞ்சுட்டாங்க. தூசியண்ணன் அந்த வார்த்தையைக் கொஞ்சநேரம் மென்றுகொண்டிருந்தார். அந்த இரண்டாவது பளிச்சுக்குச் சற்று முன்னால், விறைத்துப் பிடித்திருந்த இடது கையை மெல்லத் தொங்கவிட்டார்.

"அண்ணே, கை..."

"இருக்கட்டும். அதைத்தான் போடணும்."

படம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது. மகள் சட்டத்துக்குள் வைத்து, பெட்டிமேல் சாய்த்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தாள். அம்மா முகத்தை, அப்பா முகத்தை, இருவருக்கும் நடுவிலிருந்த சுவரை மாறிமாறிப் பார்த்தாள். கார்னிஸ் அவர்கள் தலைக்குமேல் ஒரே வீச்சில் ஓடியது.

"நிஜமாவே ஒண்ணா நின்ன மாதிரி இருக்குப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தாள். "இது என்ன? உங்க கைக்குப் பக்கத்துல, இடுப்புகிட்ட... நீலமா ஏதோ லேசா தெரியுதே?"

முப்பது வருடமாகத் தன் சுவரில் ஒரு பொட்டுக் கறை இருப்பதை எவர் சொல்லியும் ஒப்புக்கொண்டதில்லை அந்த மனிதர். முதலாளி சொன்னாலும் விளக்கைத்தான் குற்றம் சொல்வார்.

"அதுவா? சுவர்ல ஏதோ கறைம்மா" என்றார் தூசியண்ணன். "துடைக்காம விட்டுட்டேன்."